13, 17-ஆல் வகுபடுமா: கடைசி இலக்கத்தை வெட்டும் வழியும் அதன் காரணமும்

கேள்வி: 3, 9, 11 ஆகியவற்றுக்கு இலக்கங்களை வைத்துப் பார்க்கும் விதிகள் புரிகின்றன. 13 என்றால் கடைசி இலக்கத்தை வெட்டி, அதை 4-ஆல் பெருக்கி மிச்சத்தோடு கூட்டு, 17 என்றால் 5-ஆல் பெருக்கிக் கழி என்கிறார்கள். இந்த 4-உம் 5-உம் எங்கிருந்து வருகின்றன? ஒன்றில் கூட்டல், இன்னொன்றில் கழித்தல் ஏன்? கடைசியில் கிடைப்பதுதான் மீதியா?

பதில்:

4 வருவது 39-இலிருந்து, 5 வருவது 51-இலிருந்து. 39 என்பது 13-இன் மூன்று மடங்கு, 51 என்பது 17-இன் மூன்று மடங்கு. ஒன்று 9-இல் முடிகிறது, மற்றது 1-இல் முடிகிறது. கூட்டலா கழித்தலா என்பதை முடிவு செய்வது இந்தக் கடைசி இலக்கம்தான். கடைசியில் கிடைப்பது மீதி அல்ல, ஆனால் அதிலிருந்து மீதியைக் கண்டுபிடிக்கலாம். ஈவைக்கூடக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் விதியை மறந்துவிடுங்கள். 592093 என்ற எண் 17-ஆல் வகுபடுமா என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு எண்ணிலிருந்து 17-இன் மடங்கு எதைக் கழித்தாலும், அது 17-ஆல் வகுபடுமா என்ற கேள்விக்கான விடை மாறாது. வகுபடும் எண் வகுபடும் எண்ணாகவே இருக்கும், வகுபடாதது வகுபடாததாகவே இருக்கும். ஆகவே நமக்கு வசதியான மடங்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கழிக்கலாம். எது வசதி? கடைசி இலக்கத்தைச் சுழியம் ஆக்கும் மடங்கு. நம் எண் 3-இல் முடிகிறது. 51 ஒன்றில் முடிவதால், 51-இன் 3 மடங்கான 153-உம் 3-இல் முடியும். அதைக் கழிப்போம்:

592093 − 153 = 591940

இப்போது எண் சுழியத்தில் முடிகிறது. அந்தச் சுழியத்தை அழித்துவிடலாம், ஏனென்றால் 10-க்கும் 17-க்கும் பொதுக் காரணி எதுவும் கிடையாது. 591940 என்பது 59194-இன் பத்து மடங்கு. 17 ஒரு பகா எண். 10 × 59194 என்ற பெருக்கலை அது வகுக்கிறது என்றால், இரண்டில் ஒன்றையாவது வகுத்தாக வேண்டும். 10-ஐ அது வகுக்காது. அப்படியானால் 59194-ஐத்தான் வகுக்க வேண்டும். எதிர்த்திசையில் பார்த்தால் இன்னும் எளிது: 59194 வகுபட்டால் அதன் பத்து மடங்கும் தானாகவே வகுபடும். எனவே சுழியத்தை அழிப்பதால் எந்த இழப்பும் இல்லை. ஆறு இலக்க எண் ஒன்று ஐந்து இலக்க எண்ணாகிவிட்டது, கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இதையேதான் "கடைசி இலக்கத்தை வெட்டி, அதன் 5 மடங்கைக் கழி" என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 153-ஐக் கழித்தபோது அதன் கடைசி 3, எண்ணின் கடைசி 3-ஐ அழித்தது. மிச்சம் இருந்த 15, முன்னால் இருந்த 59209-இலிருந்து கழிந்தது. அந்த 15 என்பது 5 × 3. விதியில் வரும் 5, 51-இன் பத்தாம் இட இலக்கம். அதன் ஒன்றாம் இட இலக்கமான 1, வெட்டும் வேலையைச் செய்கிறது. வெட்டுதல், கழித்தல் என்று இரண்டு வேலைகள் நடப்பதுபோலத் தெரிந்தாலும், உள்ளே நடப்பது 51-இன் மடங்கு ஒன்றைக் கழித்துச் சுழியத்தை அழிப்பது மட்டும்தான்.

மீதிப் படிகளையும் முடித்துவிடுவோம்:

592093 → 59209 − 15 = 59194
59194 → 5919 − 20 = 5899
5899 → 589 − 45 = 544
544 → 54 − 20 = 34

34 என்பது 17-இன் இரு மடங்கு. எனவே 592093 வகுபடும். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு படியிலும் வெட்ட வேண்டியது அப்போது கையில் இருக்கும் எண்ணின் கடைசி இலக்கம். இரண்டாம் படியில் வெட்டியது 59194-இன் 4. மூல எண்ணான 592093-இல் கடைசிக்கு முந்தைய இலக்கம் 9, ஆனால் அதற்கு இப்போது வேலை இல்லை. மூல எண்ணையே பார்த்துக்கொண்டு வலமிருந்து இடமாக இலக்கங்களை எடுத்துக்கொண்டு போனால் விடை தவறிவிடும்.

சரி, 13-க்கு வருவோம். இதே வேலையைச் செய்ய 1-இல் முடியும் 13-இன் மடங்கு வேண்டும். முதலில் கிடைப்பது 91, அதாவது 13 × 7. அதன்படி விதி "கடைசி இலக்கத்தின் 9 மடங்கைக் கழி" என்று ஆகும். இது முற்றிலும் சரியான விதிதான், ஆனால் 9-ஆல் பெருக்குவது கொஞ்சம் சுமை. கழிக்கும் எண் பெரிதாக இருப்பதால் குறை எண்களும் சீக்கிரம் வந்துவிடும். அதனால் வேறு பக்கத்திலிருந்து அணுகுகிறோம். கடைசி இலக்கத்தைச் சுழியம் ஆக்கக் கழிக்கத்தான் வேண்டும் என்று இல்லை, கூட்டியும் ஆக்கலாம். 39-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 9-இல் முடிகிறது. எண்ணின் கடைசி இலக்கம் 7 என்றால், 39-இன் 7 மடங்கைக் கூட்டினால் கடைசி இடத்தில் 7-உம் 63-உம் சேர்ந்து 70 ஆகும். அது எந்த இலக்கத்துக்கும் பொருந்தும்: ஓர் இலக்கமும் அதன் 9 மடங்கும் சேர்ந்தால் 10 மடங்கு, அதாவது எப்போதும் சுழியத்தில் முடியும்.

இப்போது 4 எப்படி வந்தது என்று பாருங்கள். 39-இன் பத்தாம் இடத்தில் இருப்பது 3. ஒன்றாம் இடத்தில் இருக்கும் 9, எண்ணின் கடைசி இலக்கத்தோடு சேர்ந்து ஒரு பத்தாகி மேலே ஏறுகிறது. 3-உம் ஏறி வந்த 1-உம் சேர்ந்து 4. இன்னொரு விதமாகச் சொன்னால், 39-க்கு அடுத்த எண் 40, அதில் சுழியத்தை நீக்கினால் 4. 9-இல் முடியும் மடங்கைப் பயன்படுத்தும்போது கூட்டல் வரும், 1-இல் முடியும் மடங்கைப் பயன்படுத்தும்போது கழித்தல் வரும். கூட்டல், கழித்தல் வேறுபாட்டுக்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

17-க்கும் கூட்டல் விதி உண்டு. 17 × 7 = 119 என்பது 9-இல் முடிகிறது. அடுத்த எண் 120, எனவே "12 மடங்கைக் கூட்டு". ஆனால் 5-ஐ விட்டுவிட்டு 12-ஆல் பெருக்க யாரும் விரும்ப மாட்டார்கள். 13-க்கு 4-ஐக் கூட்டலாம் அல்லது 9-ஐக் கழிக்கலாம், 17-க்கு 5-ஐக் கழிக்கலாம் அல்லது 12-ஐக் கூட்டலாம். 4-உம் 9-உம் சேர்ந்தால் 13, 5-உம் 12-உம் சேர்ந்தால் 17. இது தற்செயல் இல்லை. 4 மடங்கைக் கூட்டுவதற்கும் 9 மடங்கைக் கழிப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு சரியாக 13 மடங்கு, அது வகுபடுமா என்ற விடையைப் பாதிக்காது. இரண்டில் சிறிய எண்ணை வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

13-க்கு ஓர் எண்ணை முழுதாகச் செய்து பார்ப்போம். 278941:

278941 → 27894 + 4 = 27898
27898 → 2789 + 32 = 2821
2821 → 282 + 4 = 286
286 → 28 + 24 = 52
52 → 5 + 8 = 13

வகுபடுகிறது. 286-ஐப் பார்த்தவுடனே அது 260-உம் 26-உம் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

எங்கே நிறுத்துவது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இந்த முறை தானாக நிற்காது. 13-ஐ எடுத்து அதே விதியைப் போட்டால் 1 + 12 = 13. மறுபடியும் 13. 26-ஐப் போட்டால் 2 + 24 = 26. 39-ஐப் போட்டால் 3 + 36 = 39. மூன்றும் அசையாமல் அப்படியே நிற்கின்றன. கையில் இருக்கும் எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்கும்வரை ஒவ்வொரு படியும் அதை நிச்சயம் சிறிதாக்கும். 39-ஓ அதற்குக் கீழோ வந்துவிட்டால் அதற்குப் பிறகு பயன் இல்லை. அப்போது அது 13, 26, 39 ஆகியவற்றில் ஒன்றா என்று பார்த்துவிட வேண்டியதுதான்.

இந்த மூன்றில் எதில் போய் நிற்கிறது என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. நாம் ஒவ்வொரு முறையும் கூட்டியது 39-இன் மடங்கு, வெறும் 13-இன் மடங்கு அல்ல. 39 = 3 × 13 என்பதால், அந்தக் கூட்டல் 3-ஆல் வகுக்கும்போது வரும் மீதியையும் மாற்றாது. பத்தை 3-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே சுழியத்தை அழிப்பதும் அந்த மீதியை மாற்றாது. அதனால் 13-இன் மடங்கான ஓர் எண் 39-இல் போய் நின்றால் அது 3-ஆலும் வகுபடும். 13-இலோ 26-இலோ நின்றால் 3-ஆல் வகுபடாது. மேலே 278941 நின்றது 13-இல். அதன் இலக்கங்களைக் கூட்டினால் 31, அது 3-ஆல் வகுபடாது. பொருந்துகிறது.

17-க்கு நிறுத்தும் எல்லை 50. 50 அல்லது அதற்கு மேல் இருக்கும்வரை எண் சிறிதாகும், குறை எண் வந்தால் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். −34 வகுபடும் என்றால் 34-உம் வகுபடும், குறியால் எந்த வித்தியாசமும் இல்லை. 50-க்குக் கீழே வந்துவிட்டால் 0, 17, 34 ஆகிய மூன்றில் ஒன்றா என்று பார்த்தால் போதும். அங்கே நிறுத்தாமல் போனால் 17-இலிருந்து 1 − 35 = −34, 34-இலிருந்து 3 − 20 = −17 என்று இரண்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கும்.

வகுபடாத எண்கள் என்ன ஆகும்? முந்தைய எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி 278945 என்று எடுத்து 13-க்குச் செய்வோம்:

278945 → 27894 + 20 = 27914
27914 → 2791 + 16 = 2807
2807 → 280 + 28 = 308
308 → 30 + 32 = 62
62 → 6 + 8 = 14

14 என்பது 13-இன் மடங்கு அல்ல, ஆகவே 278945 வகுபடாது. அதற்கு மேலும் தொடர்ந்தால் 14, 17, 29, 38, 35, 23, மறுபடியும் 14 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றில் மாட்டிக்கொண்டதே வகுபடாது என்பதற்கு அடையாளம்.

இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது. 14-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 1. ஆனால் 278945-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 4, ஏனென்றால் அது வகுபடும் எண்ணான 278941-ஐவிட 4 அதிகம். மீதி மாறிவிட்டது. எங்கே மாறியது? 39-இன் மடங்கைக் கூட்டியபோது மாறவில்லை, 13-இன் மடங்கைக் கூட்டினால் மீதி மாறாது. சுழியத்தை அழித்த இடத்தில்தான் மாறியது. பத்தால் வகுப்பது "வகுபடுமா" என்ற விடையைக் காப்பாற்றும், மீதியைக் காப்பாற்றாது. 3-க்கும் 9-க்கும் இலக்கங்களைக் கூட்டும்போது சுழியத்தை அழிக்கும் வேலையே இல்லை, அதனால் அங்கே மீதியும் சரியாகக் கிடைக்கிறது. அந்தப் பழக்கத்தில் இங்கும் மீதியை எதிர்பார்ப்பதுதான் பிழைக்குக் காரணம்.

மீதி வேண்டுமானால் அழித்த சுழியங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்து படிகள் செய்தோம், ஐந்து சுழியங்களை அழித்தோம். எனவே கடைசி மீதியான 1-ஐ ஐந்து முறை 10-ஆல் பெருக்கி, ஒவ்வொரு முறையும் அதில் அடங்கும் 13-இன் மடங்கைக் கழித்துவிட வேண்டும். 1-இன் பத்து மடங்கு 10. அதன் பத்து மடங்கு 100, அதில் 91 போக 9. அதன் பத்து மடங்கு 90, 78 போக 12. அதன் பத்து மடங்கு 120, 117 போக 3. அதன் பத்து மடங்கு 30, 26 போக 4. ஐந்து முறை ஆகிவிட்டது, மீதி 4. நேரடியாக வகுத்தாலும் இதுதான் வரும்.

இதையெல்லாம் எழுத்துகளில் எழுதினால் இரண்டே வரிகள். எண்ணை N = 10a + b என்று எழுதுங்கள், b கடைசி இலக்கம், a அதை வெட்டிய பிறகு மிஞ்சும் எண்.

10(a + 4b) = N + 39b
10(a − 5b) = N − 51b

முதல் வரி 13-க்கு, இரண்டாவது 17-க்கு. வலப்பக்கம் 39b, 51b என்று தனியாக நிற்பவை எப்போதும் வகுபடும் பகுதிகள். இடப்பக்கம் இருக்கும் 10, நாம் அழித்த சுழியம். மீதி ஏன் மாறுகிறது என்பதற்கும் இந்த 10-தான் காரணம்.

இந்த இரண்டு வரிகளையும் வைத்துக்கொண்டு இன்னொன்றும் செய்யலாம். இந்த முறையில் ஈவு கிடைக்காது, வகுபடுமா என்று மட்டும்தான் தெரியும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் ஈவு அங்கேயே இருக்கிறது, நாம் கழித்ததைக் கணக்கு வைக்காததால் தெரிவதில்லை. 592093-க்குத் திரும்பிப் பாருங்கள். நாம் வெட்டிய இலக்கங்கள் வரிசையாக 3, 4, 9, 4. முதலில் 51-இன் 3 மடங்கைக் கழித்தோம். ஒரு சுழியத்தை அழித்த பிறகு 4 மடங்கைக் கழித்தோம், மூல எண்ணின் அளவில் அது 40 மடங்கு. அடுத்தது 900 மடங்கு, அதற்கடுத்தது 4000 மடங்கு. மொத்தம் 4943 மடங்கு. வெட்டிய இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதினாலே இந்த எண் வந்துவிடுகிறது. கடைசியில் மிஞ்சிய 34, நான்கு சுழியங்களைத் திருப்பிக் கொடுத்தால் 340000.

592093 = 51 × 4943 + 340000

51-இல் மூன்று 17 இருப்பதால் முதல் பகுதியில் 3 × 4943 = 14829. இரண்டாம் பகுதியில் 34-க்கு இரண்டு 17, சுழியங்களோடு 20000. கூட்டினால் 34829. அதுதான் ஈவு: 17 × 34829 = 592093. 17-ஆம் வாய்பாட்டைத் தொடாமல், 5-ஆலும் 3-ஆலும் பெருக்கியே நீள் வகுத்தலை முடித்துவிட்டோம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

13-க்கும் இப்படிச் செய்யலாம், ஆனால் அங்கே கூட்டியதால் கடைசியில் கழிக்க வேண்டும். 278941-இல் வெட்டிய இலக்கங்கள் 1, 8, 1, 6, 2. வலமிருந்து இடமாக எழுதினால் 26181. கடைசியில் நின்ற 13, ஐந்து சுழியங்களோடு 1300000, அதில் 13-இன் மடங்குகள் 100000. நாம் கூடுதலாகச் சேர்த்தது 39 × 26181, அதாவது 13-இன் மடங்குகள் 3 × 26181 = 78543. 100000 − 78543 = 21457. 13 × 21457 = 278941. கடைசிப் படியில் 13 வந்தது, 26 வந்தது என்று வெறுமனே பார்த்துவிட்டுப் போகாமல், ஈவையும் எடுத்துப் பெருக்கிப் பார்த்தால், நடுவில் எங்காவது கூட்டலில் தவறியிருந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், நினைவில் வைப்பது பற்றி. 4-ஆ 5-ஆ, கூட்டலா கழித்தலா என்று எல்லோருக்கும் ஒருநாள் குழம்பும். அப்போது விதியை அந்த எண்ணின் மீதே போட்டுப் பாருங்கள். 17-க்கு 5-ஐக் கூட்ட வேண்டுமோ என்று சந்தேகம் வந்தால்: 17-இல் 7-ஐ வெட்டினால் 1 + 35 = 36. 36 வகுபடாது, எனவே விதி தவறு. 1 − 35 = −34, வகுபடுகிறது, எனவே விதி சரி. ஒரே ஓர் எண்ணில் சோதித்துவிட்டு விதி முழுவதும் சரி என்று சொல்லலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. பொதுவாக அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் இங்கே சொல்லலாம். 1 + 7k என்பது 17-ஆல் வகுபட வேண்டும் என்றால், k-க்குப் பொருந்தும் இடம் ஒன்றுதான், அதிலிருந்து 17, 17-ஆகத் தள்ளிப் போகலாமே தவிர வேறு எதுவும் பொருந்தாது. −5, 12, 29 என்று போகும் அந்த வரிசையில் எதை எடுத்தாலும் அது சரியான விதியாகவே இருக்கும். 7-க்கும் 17-க்கும் பொதுக் காரணி இல்லாததால்தான் இது நடக்கிறது. 13-க்கும் அப்படியே: 1 + 3k வகுபட வேண்டும், 4-ஐப் போட்டால் 13, சரி.

இதே வழியில் மற்ற எண்களுக்கும் விதியை நீங்களே உருவாக்கலாம். 19-க்கு அதுவே 9-இல் முடிகிறது, எனவே 2 மடங்கைக் கூட்டு. 23-க்கு 69, எனவே 7 மடங்கைக் கூட்டு. 31-க்கு அதுவே 1-இல் முடிகிறது, 3 மடங்கைக் கழி. 15-க்கு முயன்றால் முடியாது, ஏனென்றால் அதன் மடங்குகள் 0-இலும் 5-இலும்தான் முடியும், 1-இலோ 9-இலோ முடியும் மடங்கே கிடையாது. 2 அல்லது 5 காரணியாக உள்ள எந்த எண்ணுக்கும் இதே நிலைதான், அங்கே சுழியத்தை அழிப்பதும் தவறாகிவிடும். 30, 15-ஆல் வகுபடும், ஆனால் சுழியத்தை அழித்தால் மிஞ்சும் 3 வகுபடாது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு படிக்கு ஓர் இலக்கம்தான் குறைகிறது. எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள் இருந்தால் சுமார் பத்துப் படிகள் வேண்டும், நேரடியாக வகுப்பதைவிட அது பெரிய லாபம் இல்லை. 13-க்கு அப்போது 1001 கைகொடுக்கும். 1001 = 7 × 11 × 13 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டலாம். 278941-க்கு 941 − 278 = 663. அதில் 3-ஐ வெட்டி 66 + 12 = 78, அது 13-இன் ஆறு மடங்கு. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் முதலில் இப்படி மூன்று இலக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு வெட்டத் தொடங்குவது நல்லது.

17-க்கு இவ்வளவு வசதியான எண் கிடையாது. 11, 101, 1001 என்று போய், 17-ஆல் வகுபடும் முதல் எண் 100000001-தான், அதை வைத்துப் பிரிக்க எட்டு எட்டு இலக்கங்கள் வேண்டும். ஆனால் 102 என்பது 17-இன் ஆறு மடங்கு, 100-ஐவிட 2 மட்டுமே அதிகம். அதனால் இரண்டு இலக்கங்களை ஒரே வெட்டில் எடுக்கலாம்: கடைசி இரண்டு இலக்கங்களை வெட்டி, மிஞ்சிய எண்ணை இரட்டித்து, வெட்டியதை அதிலிருந்து கழிக்க வேண்டும். N = 100a + c என்று எழுதினால், N-உம் 2a − c-உம் சேர்ந்து 102a ஆகிறது, அது வகுபடும். ஆகவே ஒன்று வகுபட்டால் மற்றதும் வகுபடும்.

592093 → 5920 × 2 − 93 = 11747
11747 → 117 × 2 − 47 = 187

187 என்பது 170-உம் 17-உம். முன்பு நான்கு படிகள் ஆனது, இங்கே இரண்டு. இரட்டித்தலும் ஒரு கழித்தலும்தான் வேலை என்பதால், ஐந்து இலக்கத்துக்கு மேற்பட்ட எண் என்றால் 17-க்கு நான் முதலில் இதைத்தான் எடுப்பேன், மூன்று இலக்கம் ஆனதும் 5-ஐக் கழிக்கும் முறைக்கு மாறுவேன்.